முதல் பக்கமே கடைசிப் பக்கம்

'வேலை அனுபவம்' என்ற தலைப்புக்குக் கீழே எழுத ஒன்றுமில்லையே என்று விழிக்கும் இறுதியாண்டு பொறியியல் மாணவர்களுக்கு,



ஏழாவது செமஸ்டர் தொடங்கியதும் கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கோப்பு சுற்றத் தொடங்கும். போன வருஷம் வேலை கிடைத்துப் போன சீனியரின் ரெஸ்யூமே. அவர் அதைத் தன் சீனியரிடமிருந்து வாங்கியிருப்பார். பெயரையும் போன் நம்பரையும் மாற்றினால் போதும் என்று நினைத்து மாற்றுவார்கள். அப்பா பெயரை மாற்ற மறந்து நேர்முகம் வரை போனவர்களும் உண்டு. சவாலான சூழலில் தன் திறமையை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தையும் வளர்க்கப் போவதாக ஒரு குறிக்கோளில் தொடங்கி, மேற்கண்டவை யாவும் உண்மை என்ற உறுதிமொழியில் முடியும் அந்தக் கோப்பில், நடுவில் இருப்பவர் யார் என்பது மட்டும் தெரியாது.

கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் இ.சி.இ. படிக்கும் மாணவி ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய ரெஸ்யூமே இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் குறிக்கோள், பத்தாம் வகுப்பிலிருந்து மதிப்பெண் அட்டவணை, பதினான்கு மென்பொருள்களின் பெயர், 'கடின உழைப்பாளி', 'விரைவில் கற்பவர்' என்ற பண்புகள். இரண்டாம் பக்கத்தில் பிறந்த தேதி, அப்பா பெயர், ரத்த வகை, பொழுதுபோக்கு, உறுதிமொழி. இவற்றுக்கிடையில் ஒற்றை வரியாக, 'ஐ.ஓ.டி. அடிப்படையிலான நவீன நீர்ப்பாசன அமைப்பு' என்று ஒரு பிராஜெக்ட். இதை அவர் பெங்களூரில் எம்பெடட் துறையில் வேலை பார்க்கும் சீனியர் ஒருவரிடம் காட்டுகிறார். அந்தப் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"இதுல நீ எங்கடி இருக்கே?"

"ரெண்டாவது பக்கத்துல பிராஜெக்ட் போட்டிருக்கேன்க்கா."

"அது தலைப்பு. நாலு பேர் சேந்து செஞ்சீங்கல்ல, அதுல நீ என்ன செஞ்சே?"

"சென்சார் பக்கம் நான்தான் பாத்துக்கிட்டேன்."

"பாத்துக்கிட்டேன்னா?"

அப்போதுதான் கதை வெளியே வருகிறது. மண்ணின் ஈரத்தை அளக்கும் கெபாசிட்டிவ் சென்சார் ஒன்றை ESP32 போர்டில் இணைத்திருக்கிறார். மேசையில் வைத்துச் சோதித்தபோது எண்கள் ஒழுங்காக வந்தன. தகவலை அனுப்ப வைஃபையை இயக்கியதும் எல்லாம் குளறுபடி. சென்சார் போய்விட்டது என்று வேறொன்று வாங்கினார்கள், ஒயரை மாற்றினார்கள், இரண்டு நாள் போயிற்று. கடைசியில் தயாரிப்பாளர்களின் ஆவணத்தைப் படித்தபோது காரணம் கிடைத்தது. அந்தச் சிப்பில் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதிகள் இரண்டு: ADC1, ADC2. இரண்டாவதை வைஃபையும் பயன்படுத்திக்கொள்வதால், வைஃபை ஓடும்போது நம் நிரல் அதை நம்ப முடியாது. சென்சார் இருந்த `GPIO 25` இரண்டாவது பகுதியைச் சேர்ந்தது. ஒயரை `GPIO 34`-க்கு மாற்றியதும் சரியாகிவிட்டது.

"இதை ஏன்டி எழுதலே?"

"அது நாங்க தப்புப் பண்ணினதுதானேக்கா. அதைப் போய் யாராவது எழுதுவாங்களா?"

இந்த மடல் எழுதப்படுவதே அந்தக் கேள்விக்காகத்தான். வேலை பார்த்தவருடைய ரெஸ்யூமேயில் நிறுவனத்தின் பெயரே பாதிச் சாட்சி. ஒருவர் சம்பளம் கொடுத்து இரண்டு வருஷம் வைத்திருந்தார் என்றால் ஏதோ செய்திருப்பார் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். மாணவருக்கு அந்தச் சாட்சி கிடையாது. அவர் செய்ததை நம்பவைக்க அவர் எழுதும் விவரம் ஒன்றுதான் உண்டு. நவீன நீர்ப்பாசனம் என்ற தலைப்பில் ஒரே வகுப்பில் மூன்று குழுக்கள் இருக்கலாம். ஆனால் வைஃபையால் ADC2 வேலை செய்யாமல் போனதைக் கண்டுபிடித்து மாற்றியவர், அந்த போர்டைக் கையால் தொட்டவராகத்தான் இருக்க முடியும்.

ஆகவே ஒரு பிராஜெக்டைப் பற்றி எழுதுமுன் மூன்று விஷயங்களைத் தனித்தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது. அந்தப் பொருள் என்ன வேலை செய்தது, அதில் தன் கையால் செய்தது எது, அது சரியாக வேலை செய்தது என்று எப்படித் தெரிந்தது. முதல் கேள்விக்கு எல்லோரும் பத்து வரி எழுதுவார்கள். இரண்டாவதில் 'நாங்கள்' என்ற சொல் நுழைந்து குழப்பும். மூன்றாவதற்குப் பெரும்பாலும் வெற்றுத்தாள்தான்.

நம் மாணவி மூன்றாவது கேள்வியில் கொஞ்சம் திணறிவிட்டு, "தொண்ணூற்றைந்து சதவீதம் துல்லியம்னு போட்டுடவா?" என்று கேட்டார். இது ஆபத்தான இடம். எதை வைத்து ஒப்பிட்டுத் தொண்ணூற்றைந்து? நேர்முகத்தில் வரும் முதல் கேள்வியே அதுதான். பதில் இல்லையென்றால் அந்த ஒரு வரி விழுவதோடு நிற்காது. பக்கத்தில் உள்ள மற்ற உண்மைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும். தண்ணீர் நாற்பது சதவீதம் மிச்சம் என்பதும் இதே ஜாதி. பழைய முறையில் எவ்வளவு தண்ணீர் செலவானது என்று அளக்காமல் மிச்சத்தைக் கணக்கிட வழியில்லை.

அவரிடம் அளவே இல்லையா என்றால், இருந்தது. ஈரம் கூடக்கூட அந்த சென்சார் தரும் எண் குறையும். அது சதவீதம் அல்ல, 0 முதல் 4095 வரையிலான வெறும் எண். அதை ஈரப்பதமாக மாற்றக் காய்ந்த மண்ணில் ஒரு அளவும் நன்றாக நனைந்த மண்ணில் ஒரு அளவும் எடுத்துக் கோடு போட்டிருக்கிறார்கள். அதோடு, வழிகாட்டி ஆசிரியர் சொன்னபடி சிவில் துறை லேபுக்குப் போய், எட்டு மண் மாதிரிகளை எடைபோட்டு, 105 டிகிரி அடுப்பில் ஒரு நாள் உலரவைத்து, மறுபடி எடைபோட்டு உண்மையான ஈரப்பதத்தைக் கணக்கிட்டிருக்கிறார்கள். எடை குறைந்த அளவுதான் மண்ணில் இருந்த தண்ணீர். எட்டு மாதிரிகளிலும் சென்சாரின் கணக்கு அதிகபட்சம் 4 சதவீதப் புள்ளிகள்தான் விலகியிருந்தது. ரெக்கார்டு நோட்டில் இந்த அட்டவணை கிடக்கிறது. ரெஸ்யூமேயில் அதற்கு இடமில்லை, ரத்த வகைக்கு இருக்கிறது.

திருத்தி எழுதிய பிறகு அந்தப் பகுதி இப்படி ஆயிற்று. அசல் ஆங்கிலத்தில் இருக்கும், பொருள் இதுதான்:

மண் ஈரம் பார்த்துத் தண்ணீர் விடும் கருவி (நால்வர் குழு; என் பொறுப்பு சென்சாரும் போர்டின் நிரலும்), 2 மாதம்
– 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஈரத்தை அளந்து, வரம்புக்குக் கீழே போனால் பம்ப்பை இயக்கும் சி++ நிரலை ESP32-இல் எழுதினேன்.
– வைஃபை இயங்கும்போது அளவுகள் தவறியதற்கு ADC2 காரணம் என்று கண்டறிந்து சென்சாரை ADC1-க்கு மாற்றினேன்.
– 105 டிகிரியில் உலர்த்திய 8 மண் மாதிரிகளோடு ஒப்பிட்டேன். அதிகபட்ச விலகல் 4 சதவீதப் புள்ளிகள்.

மொத்தம் நான்கு வரி. குழுவில் நால்வர் என்றும் தன் பங்கு எது என்றும் தலைப்பிலேயே சொல்லிவிட்டதால், கீழே உள்ள மூன்று வரிகளும் அவருடையவை மட்டுமே. மீதி மூவர் தங்கள் ரெஸ்யூமேயில் மொபைல் செயலியையும் பம்ப் சுற்றையும் பற்றி எழுதுவார்கள். நால்வரும் ஒரே நிறுவனத்துக்கு விண்ணப்பித்தாலும் நான்கு வெவ்வேறு ஆட்களாகத் தெரிவார்கள். இப்போது நடப்பதோ, நான்கு தாளிலும் ஒரே பத்தி. கேம்பஸ் தேர்வில் அடுத்தடுத்து உட்கார்ந்தால் கேள்வி கேட்பவருக்கே சிரிப்பு வந்துவிடும்.

ஒவ்வொரு வரியும் ஒரு வினைச்சொல்லைத் தாங்கி நிற்பதையும் கவனிக்க வேண்டும்: எழுதினேன், மாற்றினேன், ஒப்பிட்டேன். 'பங்கேற்றேன்', 'உதவினேன்', 'கற்றுக்கொண்டேன்' என்பவை எதையும் சொல்லாத வினைகள்.

இங்கே ஒரு சங்கடமான விஷயத்தையும் பேசிவிட வேண்டும். கல்லூரிகள் நிறைந்த நகரங்களில் பிராஜெக்ட் சென்டர் இல்லாத கடைவீதி குறைவு. பணம் கட்டினால் கருவி, நிரல், அறிக்கை எல்லாம் தயாராகக் கிடைக்கும். அப்படி வாங்கிய பிராஜெக்டை ரெஸ்யூமேயில் பெரிதாகப் போடுவது, தன்னைத் தானே மாட்டிவிடுவதற்குச் சமம். நேர்முகம் எடுப்பவர்களுக்கு அந்தத் தலைப்புகள் மனப்பாடம். "இந்த ரெசிஸ்டர் ஏன் பத்தாயிரம் ஓம்?" என்ற ஒரே கேள்வியில் முடிந்துவிடும். வாங்கியாகிவிட்டது, இனி என்ன செய்வது என்றால், அதில் ஒரு துண்டை எடுத்து, சென்சாரை மட்டுமோ திரையை மட்டுமோ, வெறும் போர்டில் முதலிலிருந்து கட்டிப் பார்க்கலாம். இரண்டு வார இறுதிகள் போதும். அந்தத் துண்டைத் துண்டாகவே எழுதலாம். சின்னதாக இருப்பதில் குறைவில்லை.

இனி பாடங்கள். 'படித்த முக்கியப் பாடங்கள்' என்று போட்டுப் பன்னிரண்டு தாள்களின் பெயரை, சிலர் பாடக் குறியீட்டு எண்ணோடும், வரிசையாக அடுக்குவதுண்டு. இ.சி.இ. படித்தவர் டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் படித்திருப்பார் என்பது படிப்பவருக்குத் தெரியாதா? பாடத்தின் பெயர் எந்தத் தகவலையும் தருவதில்லை. அந்தப் பாடத்தின் லேபில் என்ன செய்தார் என்பது தரும்.

நம் மாணவியின் ரெக்கார்டு நோட்டுகளைப் புரட்டியபோது இரண்டு கிடைத்தன. ஒன்று, டிராஃபிக் விளக்கு கட்டுப்பாட்டுக் கருவி. எல்லாக் கல்லூரியிலும் எல்லோரும் செய்வது என்பதால் ஒதுக்கப்பட்டது. இன்னொன்று, டிஜிட்டல் சிக்னல் லேபில் மேட்லேப்பில் செய்த ஒரு வடிகட்டி. தாழ்ந்த அதிர்வெண்களை மட்டும் விடும் எஃப்.ஐ.ஆர். வடிகட்டியை ஜன்னல் முறையில் வடிவமைப்பது பாடத்திட்டத்தில் உள்ள சாதாரணப் பயிற்சிதான். ஆனால் இவர் செவ்வக ஜன்னலிலும் ஹேமிங் ஜன்னலிலும் செய்து ஒப்பிட்டிருந்தார். செவ்வகத்தில் வேண்டாத அதிர்வெண்கள் சுமார் 21 டெசிபல்தான் அடங்கும்; ஹேமிங்கில் சுமார் 53 வரை அடங்கும்; பதிலுக்கு, கடக்கும் பகுதிக்கும் தடுக்கும் பகுதிக்கும் இடையிலான சரிவு அகலமாகிவிடும். பாடப்புத்தகத்தில் உள்ள உண்மைதான் இது. இருந்தாலும், ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று தன் வரைபடத்தில் பார்த்தவர் அதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவார். பெயரை மட்டும் அடுக்கியவர் அரை நிமிடத்தில் நிறுத்திவிடுவார்.

இது பிராஜெக்ட் பகுதியில் இரண்டாவதாக, 'பாடப் பயிற்சி' என்ற வெளிப்படையான அடையாளத்தோடு இரண்டு வரியில் இடம்பெற்றது. லேப் பயிற்சியைச் சொந்த பிராஜெக்ட் போலக் காட்டத் தேவையில்லை, காட்டினால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பாடங்களுக்கென்று தனியாக ஒரே வரி, கல்வித் தகுதிக்குக் கீழேயே. அதில் நான்கைந்து பெயர், அதுவும் விண்ணப்பிக்கும் வேலைக்கு நேரடியாகப் பொருந்துபவை. எம்பெடட் வேலைக்கு மைக்ரோகன்ட்ரோலர், டிஜிட்டல் சிக்னல், கன்ட்ரோல் சிஸ்டம்ஸ். இதே மாணவி ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தால் அந்த வரியில் டேட்டா ஸ்ட்ரக்சரும் நெட்வொர்க்கும் முன்னே வரும். நீர்ப்பாசனப் பகுதியிலும் சிப்பின் சங்கதி பின்னுக்குப் போய், அளவுகளை எப்படிச் சேமித்தார், இணைப்பு அறுந்தபோது என்ன செய்தார் என்பது மேலே வரும். அந்த வேலையைச் செய்தவர் அவராக இருந்தால் மட்டும். ஒரே ஆளுக்கு இரண்டு பக்கங்கள் இருக்கலாம். ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு பக்கம்தான்.

தனிப்பாட வகுப்புகளின் சான்றிதழ்களும் இங்கேதான் வரும். என்.பி.டி.இ.எல். பாடம் ஒன்றைப் பன்னிரண்டு வாரம் படித்து, மையத்துக்குப் போய்த் தேர்வெழுதி வாங்கிய சான்றிதழுக்கு ஒரு வரி தரலாம், மதிப்பெண்ணோடு. ஒரு மணி நேர இணையவழிக் கருத்தரங்கில் தலையைக் காட்டியதற்குக் கிடைத்த சான்றிதழுக்கு இடம் வேண்டாம்.

எல்லாம் சேர்ந்த பிறகு பக்கத்தின் அடுக்கு இப்படி நின்றது. மேலே பெயர், அதற்குக் கீழே ஒரே வரியில் போன், மின்னஞ்சல், ஊர், கிட்ஹப் முகவரி. அடுத்துக் கல்வி: கல்லூரி, பட்டம், முடிக்கும் ஆண்டு, சி.ஜி.பி.ஏ. பன்னிரண்டாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் ஒரு வரியில். வெளிநாட்டு வார்ப்புருக்களில் பள்ளி மதிப்பெண் இருக்காது. ஆனால் இங்கே கேம்பஸுக்கு வரும் பல நிறுவனங்கள் பத்து, பன்னிரண்டு, பட்டம் மூன்றிலும் ஒரு குறைந்தபட்ச சதவீதம் கேட்பதால் அது இருந்தாக வேண்டும். சி.ஜி.பி.ஏ. குறைவு என்று மறைப்பதிலும் பயனில்லை. இல்லாத எண்ணை, படிப்பவர் இருப்பதைவிடக் குறைவாகவே ஊகிப்பார்.

மூன்றாவதாக பிராஜெக்ட்கள், பக்கத்தின் பாதி. அதற்குக் கீழே திறன்கள், இரண்டே வரி. இங்கே ஒரு கறாரான விதியை அந்தச் சீனியர் வைத்தார்: மேலே பிராஜெக்டிலோ பாடத்திலோ தடயம் இல்லாத எந்தப் பெயரும் கீழே வரக்கூடாது. பதினான்கு பெயர்கள் மூன்றாகக் குறைந்தன. சி++, மேட்லேப், கிட். ஜாவா போனபோது மாணவிக்கு மனசே இல்லை. "ஒரு செமஸ்டர் படிச்சேன்க்கா" என்றார். "என்ன எழுதினே அதுல?" என்றதற்கு பதில் இல்லை. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம், எண்பது சதவீதம் நிரம்பிய பட்டை என்று திறனைப் படமாகக் காட்டும் வழக்கமும் உண்டு. சி++-இல் எண்பது சதவீதம் தெரிந்தவர் யார் என்று அந்த மொழியை உருவாக்கியவரிடம் கேட்டால்கூடச் சொல்ல மாட்டார்.

கடைசியில் இதர விவரம், ஒரு வரி. என்.எஸ்.எஸ். முகாமில் கணக்கு வழக்கு பார்த்தவர் அதை எழுதலாம். அப்பா பெயர், பிறந்த தேதி, புகைப்படம், உறுதிமொழி எல்லாம் போயின. ஏதாவது படிவத்தில் கேட்டால் அங்கே நிரப்பிக்கொள்ளலாம். ஆதார் எண்ணை ரெஸ்யூமேயில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஊரெல்லாம் சுற்றும் தாளில் அதைப் போடவே கூடாது.

ஏ4 தாள், சுற்றிலும் முக்கால் அங்குல ஓரம், பத்தரை அல்லது பதினொன்று அளவு எழுத்து. நான்கு வரி அடுத்த பக்கத்துக்கு வழிந்தால் எழுத்தை எட்டுக்குச் சுருக்கக்கூடாது. கடைசிச் சொல் ஒன்று மட்டும் புது வரிக்கு இறங்கி நிற்கும் இடங்களைத் தேடினால், ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லை வெட்டி ஒரு முழு வரியை மீட்கலாம். நம் மாணவி இப்படி மூன்று வரி மீட்டார். நான்காவது வரிக்காகப் பள்ளி அறிவியல் கண்காட்சிப் பரிசு பலியானது.

தோற்றம் பற்றி ஒன்றே ஒன்று, ஆனால் பலரைக் கவிழ்ப்பது. இரண்டு பத்திகளாகப் பிரிந்த, ஓரத்தில் வண்ணப் பட்டையுள்ள வார்ப்புருக்கள் கண்ணுக்கு அழகு. நிறுவனத்தின் விண்ணப்பத் தளம் அதிலிருந்து எழுத்துகளை உருவும்போது, சில சமயம் இடப்பத்தியின் வரியும் வலப்பத்தியின் வரியும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். கல்லூரியின் பெயருக்கு நடுவில் பைத்தான் வந்து உட்காரும். போன் எண்ணுக்குப் பதில் ஒரு சின்னப் படம் இருந்தால் அந்த இடம் காலியாகவே போகும். சோதிப்பது எளிது. பி.டி.எஃப். கோப்பைத் திறந்து முழுவதையும் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்ட வேண்டும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் இதையும் ஓட்டலாம்:

```
pdftotext resume.pdf out.txt
```

அந்த வெற்று எழுத்துக் கோப்பை மேலிருந்து கீழே படித்தால் வரிசை குலையாமல் இருக்கிறதா, போன் எண் முழுசாக வந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். எதுவுமே வரவில்லையென்றால் அது எழுத்தல்ல, ஸ்கேன் செய்த படம். நம் மாணவியின் முதல் கோப்பில் பெயர் கடைசியில் வந்தது. ஒற்றைப் பத்திக்கு மாறியதும் சரியானது.

கிட்ஹப் முகவரியைக் கொடுத்தவர்கள் அங்கே என்ன இருக்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். காலியான கணக்குக்கு வழிகாட்டுவது, பூட்டிய வீட்டுக்கு விருந்துக்கு அழைப்பது போல. நம் மாணவி அங்கே நிரலையும், சுற்றின் ஒரு புகைப்படத்தையும், எட்டு மாதிரிகளின் அட்டவணையையும் ஏற்றி, எந்த ஒயர் எந்தக் காலில் சேர்கிறது என்று `README.md` கோப்பில் அரைப்பக்கம் எழுதினார். கேம்பஸில் அச்சிட்ட தாள்தான் கைமாறும் என்பதால், முகவரியை ஒரு சொல்லின் பின்னால் இணைப்பாக ஒளித்துவைக்காமல் எழுத்தாகவே அச்சிட்டார்.

இப்படிக்கு,
பல ரெஸ்யூமேக்களைப் படித்த ஒரு வாசகர்

பி.கு.: அந்த மாணவி கடைசியாக அனுப்பிய கோப்பின் பெயர் `resume_final_new2(1).pdf`. பெற்றுக்கொள்பவரின் கணினியில் அதே பெயரில் இன்னும் முப்பது கோப்புகள் இருக்கும். பெயர், பட்டம், ஆண்டு மூன்றையும் கோப்பின் பெயராக வைத்து மறுபடி அனுப்பச் சொல்லியிருக்கிறார் சீனியர்.